மூன்று படி கால் லேடர்: மேல்படிக்கு அப்பால் காவலில்லாமல் நிற்கும் ஆப்ஷன்

என் அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறும் நேரத்தில் கைப்பேசியை என் முன்னால் வைத்தான். "சித்தப்பா, இதுல போறது வெறும் 750 வெள்ளிதான். ஏறினா 4,250 வெள்ளி. அதுக்கு மேல நஷ்டமே இல்லை" என்றான். திரையில் செம்பனை எண்ணெய் ஆப்ஷன்கள் மூன்று வரிசையாக இருந்தன. ஒன்றை வாங்குகிறான், இரண்டை விற்கிறான். விலை இறங்கினால் 750 வெள்ளிக்கு மேல் போகாது என்பது சரிதான். விலை ஏறினால் என்ன ஆகும் என்பதை அவன் பாதி வரைக்கும்தான் பார்த்திருந்தான்.

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் எங்களுக்கெல்லாம் எண்ணெய் விலை தெரியும். குலை விற்கிறவர், லாரி ஓட்டுகிறவர், மில்லில் வேலை செய்கிறவர் எல்லோரும் காலையில் அதைத்தான் பேசுகிறார்கள். அந்தப் பழக்கமே இந்த ஆட்டத்தில் சிலரைச் சீக்கிரம் இழுத்து விடுகிறது. அதனால் அன்று அவனுக்குத் தாளில் போட்டுக் காட்டியதை அப்படியே இங்கே எழுதுகிறேன். அவன் காட்டிய மூன்று வரிசைக்குப் பெயர்தான் கால் லேடர். அதை முதல் முறையாகப் பார்க்கிறவர்களுக்கு இது.

முதலில் அடிப்படை

ஃபியூச்சர்ஸ் என்பது பின்னால் வரும் ஒரு மாதத்துக்கான சரக்கை இன்றைக்கே விலை பேசிக் கொள்ளும் ஒப்பந்தம். புர்சா மலேசியாவில் கச்சா செம்பனை எண்ணெய்க்கான ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தின் குறியீடு FCPO. ஓர் ஒப்பந்தம் 25 டன். விலை டன்னுக்கு ஒரு வெள்ளி நகர்ந்தால் உங்கள் கணக்கில் 25 வெள்ளி நகரும். அந்த ஃபியூச்சர்ஸ் மீது எழுதப்படும் ஆப்ஷன் OCPO. ஓர் ஆப்ஷனுக்கு ஒரு FCPO ஒப்பந்தம்.

கால் ஆப்ஷனை வாங்கினால், குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமை உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த விலைதான் ஸ்டிரைக். அதற்குக் கொடுக்கும் பணம் பிரீமியம். கால் ஆப்ஷனை விற்றால் நிலைமை தலைகீழ். பிரீமியம் உங்கள் கைக்கு வரும், ஆனால் எதிராளி கேட்டால் அந்த ஸ்டிரைக் விலைக்கே கொடுக்க வேண்டிய கடமையும் சேர்ந்து வரும். சந்தை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கொடுத்தாக வேண்டும்.

லேடர் என்பது இதில் மூன்று படி வைப்பது. கீழ்ப்படியில் ஒரு கால் வாங்குகிறீர்கள், நடுப்படியில் ஒன்று விற்கிறீர்கள், மேல்படியில் இன்னொன்று விற்கிறீர்கள். மூன்றும் ஒரே மாத FCPO மீது, ஒரே நாளில் முடியும் ஆப்ஷன்களாக இருக்க வேண்டும். மாதம் மாறிப் போனால் அது லேடரே இல்லை. திரையில் மாதக் குறியீடுகள் பக்கம் பக்கமாக இருப்பதால் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். ஆர்டர் போடும் முன் மூன்று வரியிலும் மாதத்தை விரல் வைத்துப் படியுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்பது

அண்ணன் மகனின் எண்களையே எடுத்துக் கொள்வோம். ஃபியூச்சர்ஸ் விலை 4,200 வெள்ளி, ஆப்ஷன் முடிய ஒன்றரை மாதம் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஸ்டிரைக் 4,200 உள்ள கால் ஒன்றை டன்னுக்கு 160 வெள்ளிக்கு வாங்குகிறான். 4,400 காலை 85க்கு விற்கிறான். 4,600 காலை 45க்கு விற்கிறான். கொடுத்தது 160, வாங்கியது 130. நிகரச் செலவு டன்னுக்கு 30 வெள்ளி. 25ஆல் பெருக்கினால் 750 வெள்ளி. தரகுக் கூலியைத் தனியாகக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள், இங்கே சேர்க்கவில்லை.

மேல்படியை விட்டுவிட்டு முதல் இரண்டு படிகளை மட்டும் போட்டிருந்தால் செலவு டன்னுக்கு 75 வெள்ளி ஆகியிருக்கும், அதாவது 1,875. மூன்றாவதை விற்றதால்தான் அது 750க்கு இறங்கியது. மலிவாகத் தெரிகிறதே, அந்த மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க வரும் கேள்வி.

கடைசி நாளன்று விலை எங்கே நின்றால் என்ன கிடைக்கும் என்பதை ஒரு விரிதாளில் போடுங்கள். A2 கட்டத்தில் கடைசி நாள் விலை. பக்கத்துக் கட்டத்தில் இது:

```
=(MAX(A2-4200,0)-MAX(A2-4400,0)-MAX(A2-4600,0)-30)*25
```

4,200 அல்லது அதற்குக் கீழே என்றால் மூன்று ஆப்ஷனும் செத்துவிடும். 750 வெள்ளி நஷ்டம், அதோடு முடிந்தது. 4,230 வந்தால் போட்ட பணம் திரும்புகிறது. 4,400இல் லாபம் 4,250 வெள்ளி. அங்கிருந்து 4,600 வரைக்கும் லாபம் அதே 4,250தான். வாங்கிய கால் ஏற ஏற, நடுப்படியில் விற்ற கால் அதே அளவு இறக்குகிறது. அண்ணன் மகன் பார்த்தது இதுவரைக்கும்தான். அவன் விரிதாள் 4,600இல் நின்றிருந்தது.

அடுத்த வரிகளை நான் தட்டச்சு செய்யச் சொன்னேன். 4,700: லாபம் 1,750 வெள்ளியாகக் குறைந்தது. 4,770: பூஜ்யம். 5,000: நஷ்டம் 5,750. 5,500: நஷ்டம் 18,250. அவன் எண்ணைத் திரும்பத் தட்டிப் பார்த்தான். தப்பில்லை.

ஏன் அப்படி ஆகிறது

விற்றது இரண்டு, வாங்கியது ஒன்று. வாங்கிய 4,200 கால், விற்ற 4,400 காலுக்குக் காவல் நிற்கிறது. எதிராளி 4,400க்குக் கேட்டால், நீங்கள் 4,200க்கு வாங்கிக் கொடுத்துவிடலாம். அந்த ஜோடியில் கிடைப்பது டன்னுக்கு 200 வெள்ளி, விலை 4,400க்கு மேல் எங்கே போனாலும் அதேதான். ஆனால் 4,600 காலுக்குக் காவல் யாருமில்லை. விலை 5,000 என்றால், சந்தையில் 5,000 கொடுத்து வாங்கி 4,600க்குத் தர வேண்டும்.

லாபம் பூஜ்யமாகும் மேல் எல்லையைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. அதிகபட்ச லாபத்தை மேல்படி ஸ்டிரைக்கோடு கூட்டுங்கள். இங்கே லாபம் டன்னுக்கு 170, மேல்படி 4,600, ஆக 4,770. அதைத் தாண்டினால் விலை ஏறும் ஒவ்வொரு வெள்ளிக்கும் 25 வெள்ளி போகும். கணக்கில் அதற்குக் கூரை கிடையாது.

4,200லிருந்து 4,770க்குப் போக வேண்டிய ஏற்றம் சுமார் 14 விழுக்காடு. "ஒன்றரை மாசத்துல அவ்வளவா ஏறும்?" என்றுதான் அவனும் கேட்டான். 2022ஐ நினைத்துப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 5,000 வெள்ளியை ஒட்டி இருந்த விலை, பிப்ரவரி இறுதியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டதும், மார்ச்சில் 7,000ஐத் தாண்டியது. இதே இடைவெளியில் 5,000, 5,200, 5,400 என்று ஒருவர் லேடர் போட்டு, செலவும் அதே 30 என்று வைத்துக் கொண்டால், அவரின் மேல் எல்லை 5,570. விலை 7,000இல் முடிந்திருந்தால் நஷ்டம் 35,750 வெள்ளி. அன்றைய பிரீமியங்கள் வேறாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் நஷ்டத்தின் அளவு பெரிதாக மாறாது. பிறகு ஏப்ரல் 28இல் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியது, மே 23இல் திறந்துவிட்டது. ஜூலையில் விலை 4,000க்குக் கீழே. கீழே வந்துவிட்டதே என்று மார்ச்சில் ஆப்ஷன் முடிந்தவருக்கு ஆறுதல் இல்லை.

"எங்களிடம்தான் செம்பனை இருக்கிறதே"

எங்கள் ஊரில் இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். விலை ஏறினால் லேடரில் போகும் பணம், குலை விலையில் வந்துவிடும் என்கிறார்கள். அளவைப் பாருங்கள்.

எங்கள் குடும்பத்துக்குப் பத்து ஏக்கர், அதாவது சுமார் 4 ஹெக்டர். ஹெக்டருக்கு ஆண்டில் 16 டன் குலை என்று வைத்தால் 64 டன். குலையிலிருந்து எண்ணெய் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். ஆக ஓர் ஆண்டு முழுக்க வெட்டினால் 13 டன் எண்ணெய்கூட வரவில்லை. ஒரே ஓர் ஆப்ஷன் 25 டன். காவலில்லாத அந்த ஒரு கால், எங்கள் காணியின் இரண்டு ஆண்டு விளைச்சலுக்குச் சமம். ஒன்றரை மாதத்தில் நாங்கள் வெட்டுவது ஒன்றரை டன் எண்ணெய்க்கான குலை. மீதி 23 டன்னுக்கு மேல் வெறும் கையால் விற்றதுதான்.

பணம் வரும் நேரமும் ஒத்துப் போகாது. ஃபியூச்சர்ஸ் தரகர் மார்ஜினை, அதாவது நஷ்டத்துக்கு ஈடாகக் கணக்கில் வைக்க வேண்டிய பணத்தை, இன்றைக்கே கேட்பார். குலைப் பணம் வெட்டி, ஏற்றி, எடை போட்டு, மாதக் கணக்கு முடிந்து வரும்.

முடியும் நாளுக்கு முன்னால் நடப்பது

இதுவரை சொன்னது கடைசி நாள் கணக்கு. புதியவர்களைத் தடுக்கி விழ வைப்பது இடையில் வரும் நாட்கள்தான். நானும் அப்படித்தான் விழுந்தேன், அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

லேடர் போட்ட பத்தே நாளில் விலை 4,600க்கு ஓடிவிட்டது என்று வையுங்கள். கடைசி நாள் கணக்கில் அது முழு லாபம் தரும் இடம். கணக்கைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் நஷ்டம் இருக்கும். எப்படி? ஆப்ஷன் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. விலை வேகமாக ஓடியதால் எல்லோரும் பயந்து ஆப்ஷன்களுக்கு அதிக விலை கேட்கிறார்கள். அந்த நேரத்தில் 4,200 கால் சுமார் 460, 4,400 கால் 320, 4,600 கால் 200 என்று நிற்கலாம். நீங்கள் வாங்கியதை விற்றால் 460 வரும். விற்ற இரண்டையும் திரும்ப வாங்க 520 வேண்டும். மூடுவதற்கு 60 கையிலிருந்து போட வேண்டும், முதலில் போட்ட 30 வேறு. டன்னுக்கு 90, மொத்தம் 2,250 வெள்ளி நஷ்டம். விலை நீங்கள் நினைத்த திசையில்தான் போயிருக்கிறது!

45க்கு விற்றது 200 ஆனதுதான் காரணம். முடிய நாள் அதிகம் இருக்கும்போது மேல்படி ஆப்ஷனில் நேரத்தின் விலை நிறைய தேங்கி நிற்கும். அது கரைய வேண்டுமானால் விலை அதே இடத்தில் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். எனவே லேடரை ஏறும் சந்தைக்கான ஆட்டம் என்று நினைக்காதீர்கள். மெதுவாகக் கொஞ்சம் ஏறி, அங்கேயே அமைதியாக இருக்கும் சந்தைக்குத்தான் அது பொருந்தும். வேகமாக ஏறும் என்று நினைக்கிறவர் இதைத் தொடவே கூடாது.

எனக்கு நடந்தபோது, இன்னும் மேல் எல்லையைத் தொடவில்லையே என்று காத்திருந்தேன். மறுநாள் மார்ஜின் போதவில்லை என்று தரகரிடமிருந்து அழைப்பு வந்தது. அன்று மாலைக்குள் பணம் போட வேண்டும், இல்லையென்றால் அவர்களே மூடுவார்கள். அவர்கள் மூடும் நேரம் பெரும்பாலும் விலை மிக மோசமாக இருக்கும் நேரமாகத்தான் இருக்கும். நான் பணம் போடவில்லை, நானே மூடினேன். அந்த நஷ்டம் மூன்று மாதக் குலைப் பணத்தைத் தின்றது.

நான் சொல்லிக் கொடுத்த வரிசை

முதலில் தரகரிடம் ஒரே கேள்வி: இந்த மூன்றையும் சேர்த்துப் போட்டால் எனக்கு எவ்வளவு மார்ஜின் பிடிப்பீர்கள்? 750 வெள்ளி நிகரச் செலவு மட்டும்தான். விற்ற மேல்படிக்காகப் பிடிக்கப்படும் மார்ஜின் தனி, அது பல மடங்கு அதிகம், விலை ஏற ஏற அதுவும் கூடும். அந்தத் தொகையும் அதே அளவு இன்னொரு மடங்கும் சும்மா கணக்கில் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போங்கள்.

அப்புறம் நாட்காட்டி. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதியை ஒட்டிக் கையிருப்பு, உற்பத்தி, ஏற்றுமதி எண்களை வெளியிடும். எதிர்பார்த்ததைவிடக் கையிருப்பு குறைந்தால் விலை தாவும். உங்கள் ஆப்ஷன் முடிவதற்குள் இப்படி எத்தனை அறிக்கை வருகிறது என்று எண்ணுங்கள். ஆண்டுக் கடைசியில் மழை வெள்ளம் அறுவடையை நிறுத்தும் மாதங்களில் நான் மேல்படியைத் திறந்து வைப்பதில்லை.

மூன்று ஸ்டிரைக்கிலும் வாங்குவோரும் விற்போரும் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். FCPO ஃபியூச்சர்ஸில் கூட்டம் எப்போதும் உண்டு. ஆப்ஷனில் அப்படியில்லை, தொலைவான ஸ்டிரைக்கில் விலையே காட்டாத நேரங்கள் உண்டு. விற்கும்போது 45க்கு ஆள் கிடைத்தார் என்பதால், திரும்ப வாங்கும்போது நியாயமான விலைக்கு ஆள் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொன்றாக ஆர்டர் போடுவதென்றால் 4,200 காலை வாங்கிய பிறகுதான் மற்றவற்றை விற்க வேண்டும். விற்பதை முதலில் போட்டால், வாங்குவது நிறைவேறும் வரை இரண்டு காவலில்லாத கால்களோடு நிற்பீர்கள்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்தும் இடம். புதியவராக இருந்தால் மேல்படிக்கு மேலே நான்காவதாக ஒரு கால் வாங்கி வைத்துவிடுங்கள். நம் கணக்கில் 4,800 கால் 22 வெள்ளிக்குக் கிடைத்தால், கூடுதல் செலவு 550 வெள்ளி. நிகரச் செலவு டன்னுக்கு 52 ஆகிறது. அதிகபட்ச லாபம் 4,250லிருந்து 3,700ஆகக் குறைகிறது. பதிலுக்கு, விலை 4,800ஐத் தாண்டி 5,500 போனாலும் 7,000 போனாலும் நஷ்டம் 1,300 வெள்ளிதான். கீழே போனாலும் அதே 1,300. இப்படி நான்கு படி வைத்தால் அதற்குக் காண்டோர் என்று வேறு பெயர். மேல்படியைத் திறந்து விட்டு 550 வெள்ளி மிச்சம் பிடிப்பது, எனக்குத் தெரிந்து, எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது.

பிறகு வாங்கிக் கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கு: மேலே சொன்ன அதே நாளில், விலை 4,600இல் நிற்கும்போது, அந்த 4,800 கால் சுமார் 120 வெள்ளி இருக்கும். 550 வெள்ளிக்குக் கிடைத்தது 3,000 ஆகிவிடும். அப்போது வாங்கினாலும் மிஞ்சும் லாபம் அதிகபட்சம் 1,250, நஷ்டமோ 3,750 வரை. ஃபியூச்சர்ஸ் ஒன்றை வாங்கி மேல்படியை மூடலாம் என்றும் சொல்வார்கள். ஃபியூச்சர்ஸ் உடனே கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் வாங்கிய மறுநாள் விலை 4,300க்குச் சரிந்தால் அதில் மட்டும் 7,500 வெள்ளி போய்விடும். அவசரத்துக்கு ஒரு நாள் பிடித்து நிற்க மட்டும் அது உதவும்.

எல்லாம் சொன்ன பிறகும் மூன்று படியோடு நிற்கிறவர்கள், ஆர்டர் போடுவதற்கு முன்பே விலகும் இடத்தைத் தாளில் எழுதுங்கள். அந்த எண் 4,770 ஆக இருக்கக் கூடாது, அங்கே போகும்போது காலம் கடந்திருக்கும். நான் நேரத்தோடு சேர்த்து எழுதச் சொல்வேன்: பாதி நாட்கள் முடிவதற்குள் விலை நடுப்படியான 4,400ஐத் தாண்டினால் மேல்படி ஆப்ஷனைத் திரும்ப வாங்கிவிடுவது. கொஞ்சம் நஷ்டத்தோடு வாங்குவீர்கள். ஆனால் மீதி இருப்பது 4,200, 4,400 ஜோடி, அது இனிமேல் எவ்வளவு ஏறினாலும் உங்களைக் கடிக்காது.

கடைசி நாள்

முடியும் நாளில் லாபத்தில் நிற்கும் ஆப்ஷன்கள் பணமாகக் கைக்கு வராது, FCPO ஒப்பந்தமாக மாறும். விலை 4,500 என்றால் வாங்கிய 4,200 கால் உங்களுக்கு ஒரு வாங்கிய ஃபியூச்சர்ஸைத் தரும், விற்ற 4,400 கால் ஒரு விற்ற ஃபியூச்சர்ஸைத் தரும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக் கொண்டு 200 வெள்ளி வித்தியாசம் நிற்கும். விலை 4,650 என்றால் 4,600 காலும் சேர்ந்து மாறும். அதற்கு ஜோடி இல்லை. கணக்கில் 4,600க்கு விற்ற ஒரு FCPO ஒப்பந்தம் தனியாக நிற்கும், 25 டன், ஃபியூச்சர்ஸ் மார்ஜினோடு. காகிதத்தில் 3,000 வெள்ளி லாபம் வந்துவிட்டதே என்று அன்று இரவு தூங்கிவிட்டால், மறுநாள் காலை விலை 150 வெள்ளி மேலே திறந்து அந்த லாபத்தை முழுசாகத் துடைத்து மேலும் 750 வெள்ளி கேட்கலாம். அதனால் கடைசி இரண்டு நாளில் விலை 4,550க்கு மேல் இருந்தால் மேல்படி ஆப்ஷனை, அது 20 வெள்ளியோ 60 வெள்ளியோ, வாங்கி மூடிவிடுங்கள். மறந்து போய் ஒப்பந்தமாக மாறிவிட்டால் சந்தை திறந்ததும் முதல் வேலையாக ஒரு FCPO வாங்கி அதை அடைத்துவிடுங்கள்.

அண்ணன் மகன் நான்காவது படியோடு போட்டான். 1,300 வெள்ளி என்று தாளின் மேலே எழுதி, தன் அம்மாவிடமும் அந்த எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் போட்டான்.